14 மாத லோகோ பதிவு: பிடித்ததும் பிடிக்காததும்

நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "வீடியோவில் எந்தப் பொருளின் பெயர் எப்போது வருகிறது, எந்த லோகோ எவ்வளவு நேரம் தெரிகிறது என்று குறித்துவைக்கிறீர்களே, அதை நானும் ஆரம்பிக்கட்டுமா?" உடனே பதில் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் விளம்பரம் செய்கிறார்களா என்று பார்க்க, 14 மாதங்களாக 31 யூடியூப் சேனல்களை இப்படிக் குறித்துவருகிறேன். அவர் கேட்ட நேரத்தில் எனக்கு அதன்மீது கடுமையான கோபம் இருந்தது.

என் ஏற்பாடு எளிமையானது. சப்டைட்டிலையும் டிஸ்கிரிப்ஷனையும் இறக்கிக்கொள்வேன். சந்தேகம் வந்தால் மட்டும் வீடியோவையும் இறக்கி, நொடிக்கு ஒரு படமாகப் பிரிப்பேன்.

```
yt-dlp --skip-download --write-auto-subs --sub-langs ta --write-description URL
mkdir -p frames
ffmpeg -i video.mp4 -vf fps=1 frames/%05d.jpg
```

12 நிமிட வீடியோ 720 படங்களாகும். லோகோ 41 படங்களில் இருந்தால் திரையில் ஏறத்தாழ 41 நொடி தெரிந்தது என்று கணக்கு. எண்களெல்லாம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏறும்.

முதல் மாதமே ஒரு பாடம் கிடைத்தது. யூடியூப்பின் தானியங்கி சப்டைட்டில் கோப்பில் ஒரே வரி அடுத்தடுத்த நேரக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும். பேச்சோடு வரிகள் மேலே நகர்ந்துகொண்டே போவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதை நீக்காமல் எண்ணியதால் மூன்று முறை சொன்ன பெயர் எட்டு, ஒன்பது முறை சொன்னதாக வந்தது. அந்த எண்ணை நம்பி ஒருவரைப் பற்றி வெளியே பேசியிருந்தால் அது அநியாயமாகியிருக்கும். இப்போது அடுத்தடுத்து வரும் ஒரே வரியை ஒன்றாக்கிவிட்டுத்தான் எண்ணுகிறேன். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிறுவனப் பெயரோடு 'ஐ', 'ல', 'க்கு' எல்லாம் ஒட்டிக்கொள்ளும். பெயரையே சப்டைட்டில் நாலு விதமாக எழுதும், சில நேரம் இரண்டு சொல்லாகப் பிரித்துவிடும். அதனால் முழுப்பெயரைத் தேடாமல், பெயரின் முன்பாதியைத் தேடி, கிடைத்த ஒவ்வொரு இடத்தையும் காதால் கேட்டு உறுதி செய்கிறேன்.

சரி, பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை முறை பெயர் வந்தது என்பது தனியாக எதையும் காட்டாது என்பதை இந்தப் பதிவுதான் எனக்குப் புரியவைத்தது. மேசையிலிருக்கும் மடிக்கணினியின் லோகோ ஒரு சேனலின் எல்லா வீடியோவிலும் தெரியும். அது அவருடைய சொந்தக் கணினி, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது, அதே சேனலின் பழைய வீடியோக்களில் இல்லாத பொருள் திடீரென்று நுழைந்து, சில வாரம் இருந்துவிட்டு, சுவடே இல்லாமல் மறைந்துபோவது. பிடித்துப்போய்ப் பயன்படுத்துபவர் வீட்டில் அந்தப் பொருள் தொடர்ந்து தென்படும். ஒப்பந்தத்துக்கு வந்த பொருள் ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடும்.

உடற்பயிற்சி சேனல் ஒன்றில் இதை முழுதாகப் பார்த்தேன். அவருடைய முந்தைய 62 வீடியோக்களில் அந்தப் புரதப் பொடியின் பெயரோ டப்பாவோ இல்லை. பிறகு 19 நாளில் நான்கு வீடியோக்கள். பெயர் சொன்னது முறையே 3, 1, 2, 0 தடவை. டப்பா திரையில் தெரிந்தது 41, 12, 26, 9 நொடி. அடுத்த 23 வீடியோக்களில் ஒன்றுமே இல்லை. நான்காவது வீடியோதான் என்னை உலுக்கியது. வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் பின்னால் அலமாரியில் டப்பா, லேபிள் நேராகக் கேமராவைப் பார்த்தபடி நின்றது. அதே மாதம் வேறொரு சேனலும் அதே பொடியின் மூன்று நன்மைகளை அதே வரிசையில் சொன்னது. இருவர் கையிலும் ஒரே குறிப்புத்தாள் இருந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. உடற்பயிற்சி சேனல்காரரின் முதல் வீடியோ டிஸ்கிரிப்ஷனில் அவர் பெயரிலேயே கூப்பன் கோட் இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், "இது கட்டண விளம்பரம்" என்று ஒரு வரி அதில் புதிதாக முளைத்திருந்தது. வீடியோ வந்த அன்றே டிஸ்கிரிப்ஷனைச் சேமித்ததால்தான் அந்த மாற்றம் எனக்குத் தெரிந்தது. பார்ப்பவருக்குப் பழைய வாசகம் யூடியூப்பில் கிடைக்காது.

இத்தனைக்கும் பிறகு ஏன் கோபம்? யூடியூப்பில் கட்டண விளம்பரம் என்று படைப்பாளர் குறித்தால், வீடியோவின் தொடக்கத்தில் 10 நொடி ஒரு அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பு வீடியோவுக்குள் இல்லை. பிளேயர் மேலே போட்டுக் காட்டுவது. இறக்கிய கோப்பைப் பிரித்த படங்களில் அது ஒருபோதும் தெரியாது. இது தெரியாமல், ஒழுங்காக அறிவித்தவர்களையும் சேர்த்து எல்லாரையும் "அறிவிக்கவில்லை" என்ற பட்டியலில் ஐந்து வாரம் வைத்திருந்தேன். நல்லவேளை, பட்டியல் என்னிடமே இருந்தது. அன்றிலிருந்து சந்தேகப்பட்ட ஒவ்வொரு வீடியோவையும் பிளேயரில் திறந்து, முதல் 10 நொடியைக் கண்ணால் பார்த்து, தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறேன். இந்த வேலையை ஸ்கிரிப்ட்டிடம் விட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அப்புறம் லோகோ தேடும் பகுதி. படங்களை அலசும் ஓப்பன்சிவி நூலகத்தின் `matchTemplate`, லோகோ அதே அளவில், அதே கோணத்தில் இருந்தால்தான் பிடிக்கும். டப்பா சற்றுத் தள்ளிப்போனாலே தவறவிடும். லோகோவின் மூலைகளையும் அவற்றைச் சுற்றியுள்ள வடிவத்தையும் ஒப்பிடும் ORB முறைக்கு மாறினேன். தட்டையான அட்டைப்பெட்டியில் நன்றாகவே வேலை செய்தது. வளைந்த பாட்டிலிலும், கை அசைந்து மங்கிய படத்திலும் கோட்டைவிட்டது. வெறும் வட்டமாக இருக்கும் லோகோவில் பற்றிக்கொள்ள மூலைகளே இல்லாததால், அதைக் கதவுப் பிடியிலும் கடிகாரத்திலும் "கண்டுபிடித்தது". போன வாரம் இப்படி வந்த 118 பொய்ப் பொருத்தங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தப் பதிவு பணம் கைமாறியதை நிரூபிக்காது. இலவசமாக வந்த பொருளா, காசு வாங்கியதா, உண்மையிலேயே ஒரு மாதம் பிடித்துப்போய்ப் பிறகு சலித்ததா என்று எண்கள் பிரித்துச் சொல்லாது. புரதப் பொடி விஷயத்திலும், டிஸ்கிரிப்ஷனில் அவரே அந்த வரியைச் சேர்த்திருக்காவிட்டால் என் கையில் இருந்திருப்பது சந்தேகம் மட்டுமே. அதனால் என் ஸ்ப்ரெட்ஷீட்டில் "குற்றம்" என்று ஒரு நெடுவரிசையே கிடையாது. "கேட்க வேண்டியது" என்றுதான் இருக்கிறது. கேட்ட சிலர் பதில் சொல்லி, அன்றே அறிவிப்பையும் போட்டார்கள்.

நண்பருக்கு நேற்றுப் பதில் அனுப்பினேன். சப்டைட்டிலும் டிஸ்கிரிப்ஷனும் மட்டும் குறியுங்கள், லோகோ தேடுவதைத் தொடாதீர்கள், நானே இந்த வாரம் அந்த ஸ்கிரிப்ட்டை நிறுத்திவிட்டேன் என்று எழுதினேன். அனுப்பிய பிறகு அந்த நான்காவது வீடியோ நினைவுக்கு வந்தது. வாய் திறக்காமல் ஒன்பது நொடி நின்ற டப்பாவைச் சப்டைட்டில் எந்தக் காலத்திலும் காட்டியிருக்காது. இருந்தாலும் பதிலை மாற்றவில்லை. ஸ்கிரிப்ட் நின்றே இருக்கிறது, அழிக்கவில்லை.