ஒற்றைப் பெடலா, இரண்டு பெடலா? எலெக்ட்ரிக் கார் ஓட்டிப் பார்க்கும்போது

போன மாதம் அண்ணனுக்கு எலெக்ட்ரிக் கார் பார்க்கப் போனோம். அவர் ஓட்ட, நான் வேண்டுமென்றே அம்மாவுடன் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டியை மெதுவாக்கும் ரீஜென்னை உச்சத்தில் வைத்திருந்தார். கிண்டி சிக்னல் வருவதற்குள் அம்மா மூன்று முறை முன் சீட்டைப் பிடித்துவிட்டார். "என்னடா, உங்க அண்ணன் புதுசா ஓட்டப் பழகுறவன் மாதிரி குலுக்குறான்?" அண்ணனுக்கோ கார் ரொம்பப் பிடித்துவிட்டது. பிரேக்கைத் தொடவே இல்லையாம்!

காலை எடுத்ததும் மோட்டார் டைனமோவாக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. அதுதான் ரீஜென். அதை எந்தப் பெடலில் வைப்பது என்பதில்தான் கம்பெனிகள் பிரிகின்றன. நிசான் லீஃபில் 2017-ல் வந்த இ-பெடல், ஹூண்டாயின் ஐ-பெடல் எல்லாம் ஒற்றைப் பெடல் கட்சி: காலை எடுத்தால் கார் முழுவதும் நின்றேவிடும். போர்ஷே டைகான் எதிர்க்கட்சி: காலை எடுத்தால் கார் சும்மா உருளும், பிரேக்கை மிதித்தால்தான் பெரிய ரீஜென் வரும். நெக்ஸான் போன்றவை நடுவில் நிற்கின்றன. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலால் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம்.

ஒற்றைப் பெடலில்தான் அதிக கிலோமீட்டர் கிடைக்கும் என்று பலரும் சொல்வார்கள். அப்படி எல்லாக் காருக்கும் பொருந்தாது. ஆட்களோடு 1,600 கிலோ இருக்கும் கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் ஆற்றல் சுமார் 0.06 யூனிட்தான். அதில் 60 சதவீதம் திரும்பிப் பயன்பட்டால் ஏறக்குறைய 280 மீட்டர் ஓடலாம். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் நகரத்தில் இது சேரும். ஆனால் பிரேக் பெடலும் முதலில் மோட்டாரைப் பயன்படுத்தும் கார் என்றால், எந்தப் பெடலில் நிறுத்தினாலும் கிட்டத்தட்ட அதே லாபம்தான். பல டெஸ்லா மாடல்கள் மாதிரி பிரேக் பெடல் வெறும் டிஸ்க்கை மட்டும் பிடிக்கிற கார் என்றால் கதை வேறு. அங்கே பிரேக்கை மிதிப்பது காசைச் சூடாக்கிக் காற்றில் விடுவதுதான். நெடுஞ்சாலையிலோ தேவையில்லாமல் வேகத்தைக் குறைத்து மறுபடி ஏற்றுவதைவிட உருள விடுவதே சிக்கனம்.

உங்கள் கார் எந்த வகை என்று விற்பனையாளரிடம் கேட்காதீர்கள், நீங்களே பாருங்கள். காலியான சாலையில் 50-ல் போகும்போது ரீஜென்னை 0-வுக்குக் குறைத்து, பிரேக்கை மெதுவாக மிதியுங்கள். பக்கத்தில் இருப்பவர் திரையில் இருக்கும் பவர் மீட்டரைப் பார்க்கட்டும். முள் சார்ஜ் பக்கம் நன்றாகச் சாய்ந்தால் பிரேக் பெடலிலும் ரீஜென் இருக்கிறது. அசையவில்லையென்றால் இல்லை.

அடுத்த ஷோரூமில் வேறொரு வேடிக்கை. கார் காலை எடுத்தாலும் மெதுவாகவே இல்லை. "இதுல ரீஜென் வீக்" என்றார் அண்ணன். திரையில் பேட்டரி 98 சதவீதம். நிரம்பிய குடத்தில் தண்ணீர் எங்கே ஊற்றுவது? அதனால் ஓட்டிப் பார்க்கும் கார் 80 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாங்கிய பிறகும் இது நினைவில் இருக்க வேண்டும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்க உயரம் சுமார் 1,900 மீட்டர். அந்த 1,600 கிலோ கார் இழக்கும் ஆற்றல் 8 யூனிட்டுக்கு மேல். உருளும்போது போவது போக மிச்சம் பேட்டரிக்குத்தான் வர வேண்டும். ஊட்டியில் முழு சார்ஜ் போட்டுவிட்டுக் கிளம்பினால், பழகிய ஒற்றைப் பெடல் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே உங்களைக் கைவிடலாம். சில கார்களில் அந்தக் குறையை டிஸ்க் பிரேக் தானாக ஈடுகட்டும், எல்லாவற்றிலும் அல்ல.

அப்புறம், ஸ்பீட் பிரேக்கர். பிரேக்கை மிதித்துக்கொண்டே குண்டும் குழியுமான இடத்தில் ஏறினால் சக்கரம் ஒரு நொடி வழுக்கும். ரீஜென் சட்டென்று விலகி, கார் முன்னால் துள்ளுவது போல இருக்கும். நல்ல காரில் டிஸ்க் உடனே பிடித்துக்கொள்ளும், துள்ளல் தெரியாது. இதற்காகவே ஒரு மோசமான தெருவைத் தேடிப் போங்கள், நம் ஊரில் தேட வேண்டியதில்லை. மேம்பாலச் சரிவில் நிறுத்திக் காலை எடுத்து, பின்னால் உருளுகிறதா என்றும் பாருங்கள். கடைசிப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ரீஜென் தளர்ந்து, கார் தானே நிற்காமல் ஊர்ந்துகொண்டே போகும் ரகங்களும் உண்டு. அதை ஒற்றைப் பெடல் என்று விற்றால் நம்ப வேண்டாம்.

என் கட்சி? நகரத்துக்கு ஒற்றைப் பெடல், ஆனால் அளவை மாற்ற முடிகிற கார். பேடில் இல்லாமல் மெனுவுக்குள் புதைத்து வைத்திருந்தால் நீங்கள் மாற்றவே மாட்டீர்கள்.

அண்ணன் பேடில் இருக்கும் காரைத்தான் புக் பண்ணினார். அம்மா ஏறும் நாட்களில் லெவல் 1 என்று இருவருக்கும் ஒப்பந்தம்.