மலேசியா டப்பாவைத் தமிழில் படிக்க: போன் கேமராவா, கையால் எழுதிய சீட்டா?

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு வருஷத்தில் இரண்டு தடவையாவது கோலாலம்பூரிலிருந்து சித்தப்பாவின் பெட்டி வந்துவிடும். அப்பத்தாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை நோய். பெட்டியில் வரும் பண்டத்தில் எது ஆகும், எவ்வளவு ஆகும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். இதற்கு நான் இரண்டு வழியையும் பார்த்துவிட்டேன். போனில் கேமராவைக் காட்டி மொழிபெயர்ப்பது ஒன்று. கணக்குப் போட்டுத் தமிழில் ஒரு சீட்டு எழுதி டப்பாவில் ஒட்டுவது இன்னொன்று. இப்போது நான் சீட்டுக் கட்சி.

போனில் வேகம் உண்டு, மலாய் எழுத்தும் நன்றாகவே பிடிபடும். என்ன பண்டம், கடலை கலந்திருக்கிறதா, கெடு தேதி என்ன என்று பார்க்க அது போதும். சிக்கல் அட்டவணையில்தான். ‘ஹிடாங்கான்’ என்ற சொல்லுக்கு எனக்கு ‘சேவை’ என்று வந்தது. ஒரு தடவை பரிமாறும் அளவு என்பதுதான் பொருள். ‘குலா’வுக்குச் ‘சர்க்கரை’ என்று வந்தது. எங்கள் ஊரில் வெள்ளையாகக் கொட்டுவது சீனி. சர்க்கரை என்றால் அப்பத்தாவுக்கு நோய்தான் நினைவுக்கு வரும். அதனால் சீட்டில் ‘சீனி’ என்றே எழுதுகிறேன்.

ஆனால் சொல்லை விட அளவுதான் ஆளைக் கவிழ்க்கும். போன தடவை ஒரு தானியப் பவுடர் டப்பா வந்தது. முகப்பில் ‘தன்பா குலா தம்பாஹான்’, அதாவது சீனி சேர்க்கப்படவில்லை என்று இருந்தது. பரிமாறும் அளவு 30 கிராம், மூன்று மேஜைக் கரண்டி. அந்த அளவுக்குச் சீனி 2.4 கிராம்தான். போன் இதைச் சரியாகவே காட்டியது. நானும் குடிக்கலாம் என்றேன். நாலைந்து நாள் கழித்து, குடித்த இரண்டு மணி நேரத்தில் மீட்டரில் 231 காட்டியது. “ஏத்தா, சீனியே இல்லேன்னியே, பெறகு எப்படி ஏறுச்சு?” என்று கேட்டார்.

அன்றுதான் சமையலறைத் தராசை எடுத்தேன். அவர் போடுவது எங்கள் வீட்டுக் கரண்டியில் குவித்து நாலு. ஒரு குவியல் 16 கிராம் நின்றது; நாலும் சேர்ந்து 64. லேபிளில் 100 கிராமுக்குக் கார்போஹைட்ரேட் 70 கிராம் என்று இருந்தது. 64-ஐ 70-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 45 கிராம். சுமாரான அளவு இட்லி மூன்று தின்ற கணக்கு, அதுவும் காலைப் பலகாரத்துக்கு மேல். பொருள் பட்டியலில் இரண்டாவதாக மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்தது. மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி அது. சீனி என்ற வரியில் அது சேராது, கார்போஹைட்ரேட் வரியில்தான் அடங்கும். ஆனால் ரத்தத்தில் குளுக்கோஸாக வேகமாகவே ஏறும். பட்டியலில் எடை கூடியது முதலில் வரும் என்பதால், இரண்டாம் இடம் என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை.

அதனால் சீட்டில் நான் எழுதுவது நாலு வரிதான். என்ன பண்டம், நம் கரண்டியில் தலைதட்டி எத்தனை, அதில் கார்போஹைட்ரேட் எவ்வளவு, எதற்குப் பதிலாக. இந்த டப்பாவுக்கு: ‘தலைதட்டி 2 கரண்டி, 20 கிராம். கார்போஹைட்ரேட் 14 கிராம். குடிக்கும் நாளில் ஒரு இட்லி குறை.’ ‘பரிமாறும் அளவுக்கு’ என்ற பத்தியை விட்டுவிட்டு 100 கிராம் பத்தியிலிருந்தே கணக்குப் போடுகிறேன். கம்பெனி 30 கிராம் என்று நினைத்தாலும் கரண்டி நம்முடையது. பால் பவுடர் கலந்த பண்டமாக இருந்தால் பாலின் லாக்டோஸும் சீனி வரியில் வரும். ‘சேர்க்கவில்லை’ என்றும் போட்டு 5 கிராம் சீனியும் காட்டினால் அது பொய்யல்ல.

அமெரிக்கப் பொட்டலம் எங்களுக்கு அரிதாகத்தான் வரும், அதனால் அதில் பழக்கம் குறைவு. அங்கே பெரும்பாலும் பரிமாறும் அளவுக்கு மட்டுமே எண் இருக்கும். அந்தக் கிராமைக் கொண்டு நாமேதான் 100-க்கு மாற்ற வேண்டும். அதன் மொத்தக் கார்போஹைட்ரேட்டில் நார்ச்சத்தும் சேர்ந்திருக்கும். ஐரோப்பிய லேபிளில் நார்ச்சத்து தனி. நார்ச்சத்தைக் கழித்துக் கணக்குப் போடுகிறவர்கள் அமெரிக்க லேபிளில் மட்டும் கழிக்கலாம். ஐரோப்பிய லேபிளில் கழித்தால் இரண்டு தடவை கழித்ததாகிவிடும். சீனிக்குப் பதிலாக மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி போட்ட இனிப்புகள் ஒரு தடவைதான் வந்தன. அவற்றுக்கு நான் சீட்டு எழுதவில்லை. மீட்டரைப் பார்த்துப் பாதியோடு நிறுத்தினோம்.

சீட்டில் தொல்லை இல்லாமல் இல்லை. ஒரு டப்பாவுக்குக் கால் மணி நேரம் ஆகும், தராசு வேண்டும். அதே பெயரில் வந்த அடுத்த டப்பாவில் 100 கிராமுக்கு 70 என்பது 76 ஆகியிருந்தது; பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். கரண்டியை மட்டும் மாற்றவில்லை. அதன் காம்பில் சிவப்பு நூல் கட்டி டப்பாவுக்குள்ளேயே போட்டிருக்கிறேன்.