ஏரியா உரிமையா, பிரான்சைஸா: டீலர் சண்டை எதில் குறையும்?

டீலர் சண்டை வெளியில் விலைச் சண்டையாகத் தெரியும். உள்ளே இருப்பது வேறு: ஒருவர் செய்த செலவில் இன்னொருவர் விற்பது. 100க்கு டிவி வாங்கும் ஒரு டீலர், போட்டுக் காட்டவும் பொருத்தித் தரவும் 8 செலவழித்து 115க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் அங்கே பார்த்துவிட்டு, எதுவுமே செய்யாத பக்கத்துக் கடையில் 106க்கு வாங்கிவிடுவார். முதல் டீலரின் அடக்கமே 108 ஆயிற்றே! கொஞ்ச நாளில் அவரும் டெமோவை நிறுத்துவார். பிறகு அந்த பிராண்டை எடுத்துச் சொல்ல ஆளிருக்காது.

அமெரிக்காவின் சில்வேனியா டிவி நிறுவனம் 1962இல் இதற்கு பிரான்சைஸ் முறையைக் கொண்டுவந்தது. ஊருக்குச் சில டீலர்கள்தான். அனுமதித்த கடையிலிருந்து மட்டுமே விற்க வேண்டும், ஆனால் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். 1 முதல் 2 சதவீதமாக இருந்த சந்தைப் பங்கு 1965இல் ஏறக்குறைய 5 சதவீதமானது. ஆனால் புது டீலரைச் சேர்க்கும் அதிகாரத்தை நிறுவனம் தன் கையிலேயே வைத்திருந்தது. சான்பிரான்சிஸ்கோவில் கான்டினென்டல் என்ற டீலரின் கடையிலிருந்து சுமார் ஒரு மைலில் இன்னொருவரை நியமித்ததும் தகராறு வெடித்தது. அனுமதி இல்லாமல் கான்டினென்டல் சாக்ரமென்டோவில் விற்கப் போக, வழக்கு 1977இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படிப்பட்ட கட்டுப்பாடு தானாகவே சட்டவிரோதம் ஆகிவிடாது, விளைவைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

ராயல்டி வாங்கும் பிரான்சைஸில் இந்த உரசல் இன்னும் கூடும். ராயல்டி விற்பனையின் மேல். கடைக்காரர் பிழைப்பதோ லாபத்தில். இன்னொரு கடை திறந்தால் மொத்த விற்பனை ஏறும், பழைய கடையின் லாபம் கரையும்.

ஏரியாவையே ஒருவருக்கு எழுதிக் கொடுத்தால் இந்தப் பயம் போய்விடும். ஆனால் போட்டியில்லாத டீலர் விலையை ஏற்றி, குறைவாக விற்று நிம்மதியாக இருப்பார். அதனால்தான் குறைந்தபட்சக் கொள்முதல் அளவு என்று ஒரு ஷரத்து வேண்டியிருக்கிறது. இரண்டு ஏரியாக்களுக்கு விலை வித்தியாசம் பெரிதானால் சரக்கு எல்லை தாண்டி வரும். ஜெர்மனியின் கிரண்டிக் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் பிரான்ஸ் முழுவதையும் கான்ஸ்டென் என்ற டீலருக்குத் தந்திருந்தது. உனெஃப் என்ற நிறுவனம் ஜெர்மன் வியாபாரிகளிடம் வாங்கி பிரான்ஸில் மலிவாக விற்றது. அப்படி ஒரு சரக்கும் நுழையாதபடி அடைத்த ஒப்பந்தத்தை 1966இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஏற்கவில்லை.

விளக்கமும் சர்வீஸும் கேட்கும் பொருளுக்கு ஏரியா உரிமையே மேல் என்பேன், கொள்முதல் அளவும் காலவரம்பும் சேர்த்து. பெயரைச் சொன்னாலே விற்கும் பொருளுக்கு பிரான்சைஸ் போதும். ஆனால் எத்தனை தூரத்துக்குள் அடுத்த கடை வராது என்பதை டீலர் கேட்டு எழுதி வாங்க வேண்டும். அப்புறம் ஆன்லைன். தயாரிப்பாளர் நேரடியாக விற்றால், சரக்கு எந்த ஏரியாவுக்குப் போகிறதோ அந்த டீலருக்கு ஒரு பங்கு தரும் ஏற்பாடு இரண்டு முறையிலும் பொருந்தும். பொருத்துவதும் பழுது பார்ப்பதும் எப்படியும் அவர் தலையில்தானே விழப்போகிறது.