வரைபடத்திலிருந்து நிஜம் போன்ற படம்: முப்பரிமாண ரெண்டரா, ஏஐ படமா?

மேசைமேல் வைக்கும் மின்சாரத் தேங்காய்த் துருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொருள் இன்னும் பிறக்கவில்லை. 180 மி.மீ. உயரம், பக்கவாட்டில் மூன்று காற்றுத் துளை என்று குறித்த வரைபடம்தான் கையில் இருக்கிறது. முதலீட்டாளருக்குக் காட்டப் புகைப்படம் போன்ற படம் வேண்டும்.

சுலபமான வழி ஏஐ. படம் உருவாக்கும் ஏஐயான ஸ்டேபிள் டிஃப்யூஷனோடு, கொடுத்த கோடுகளைப் பின்பற்ற வைக்கும் கண்ட்ரோல்நெட்டைச் சேர்த்தால், வரைபடத்தின் கோடுகளைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக்கும் வெளிச்சமும் அதுவே போட்டுவிடும். சில நிமிட வேலை. ஆனால் அளவுக் கோடுகளையும் அம்புக்குறிகளையும் முதலில் அழித்துவிட வேண்டும்; விட்டால் அவை ஒயராகவோ பள்ளமாகவோ முளைக்கும். நேர்முகத் தோற்றத்தை அப்படியே கொடுத்தால் படமும் தட்டையாக வரும், அதனால் சாய்வான கோணத்தில் ஒருமுறை வரைந்து கொடுப்பது நல்லது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். மூன்று துளை ஐந்தாகும், திருகு காணாமல் போகும். இன்னொரு கோணம் கேட்டால் வேறொரு துருவி வந்து நிற்கும். வரைபடத்தைப் பாதி ஒளிபுகும்படி படத்தின் மேல் வைத்துப் பாருங்கள், எங்கே நழுவியது என்று தெரிந்துவிடும்.

ரெண்டர் என்றால் பொருளைக் கணினியில் முப்பரிமாண மாடலாகக் கட்டி, அதிலிருந்து படம் எடுப்பது. அந்த வழியில் ஃப்ரீகேட் என்ற வடிவமைப்பு மென்பொருளில் அளவோடு மாடல் செய்து, வெளிச்சம் போட்டுப் படம் எடுக்கப் பிளெண்டர் என்ற மென்பொருளுக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் முறை சில நாள் பிடிக்கும். மாடலைக் கொண்டுபோகும் `.stl` கோப்பில் அலகு கிடையாது. மில்லிமீட்டர் எண்ணை பிளெண்டர் மீட்டராக எடுத்துக்கொள்ளும். இறக்கும்போது `Scale` பெட்டியில் 0.001 போடாவிட்டால் நம் துருவி 180 மீட்டர் கோபுரம்! பின்புலம் மங்குவதெல்லாம் தப்பாகிவிடும். அப்புறம், விளிம்புகள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் கத்தி போன்ற விளிம்பு இருக்காது. அரை மி.மீ. உருட்டிவிட்டால் அங்கே மெல்லிய ஒளிக்கீற்று விழும். இரண்டு ஓடுகள் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளியும் விட்டால் கண் நம்பிவிடும்.

எனக்கு ரெண்டர்தான் பிடிக்கும், அழகுக்காக மட்டும் அல்ல. காகிதத்தில் மோட்டாரை எங்கே வேண்டுமானாலும் வரையலாம். மாடலில் அது ஓட்டுக்குள் அடங்கியே ஆக வேண்டும். அடங்கவில்லை என்றால் முதலீட்டாளர் கேட்பதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். நிறமோ கோணமோ மாற்ற அதன்பின் அதிக நேரம் ஆகாது.

ஏஐயை நான் இரண்டு இடத்தில் வைத்துக்கொள்வேன்: வடிவம் முடிவாகாதபோது பத்து விதம் பார்க்க, அப்புறம் ரெண்டருக்குப் பின்னால் சமையலறைப் பின்னணி போட. பொருள்மேல் அதைத் தொடவிட மாட்டேன்.

கூட்டுநிதி திரட்டுவதாக இருந்தால் ஒன்று. கூட்டுநிதித் தளமான கிக்ஸ்டார்ட்டர் 2012-லேயே வன்பொருள் திட்டங்களில் நிஜம் போன்ற ரெண்டர்களைத் தடை செய்தது. அங்கே இரண்டு வழியும் உதவாது. வேலை செய்யும் மாதிரியைப் படம்பிடித்துத்தான் காட்ட வேண்டும். முதலீட்டாளர் கூட்டத்துக்குக் கொண்டுபோகும் படத்திலும் 'கருத்துப் படம், தயாரிப்பு அல்ல' என்று மூலையில் எழுதிவிடுங்கள்.