முள் எழவில்லை, கியர் உதைக்கிறது, விளக்கும் எரிகிறது: வேக சென்சாரோடு இரண்டு ஆண்டுகள்

வண்டி 2000-களின் தொடக்கத்து ஜப்பானிய ரகம்: 1.5 லிட்டர் எஞ்சின், 4 வேக ஆட்டோமேட்டிக், முன்சக்கர இயக்கம். ஒரே பயணத்தில் ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது, D-யில் போட்டால் கியர் ‘டங்’ என்று உதைத்தது, அடுத்த பயணத்தில் செக் எஞ்சின் விளக்கும் எரிந்தது. இப்படி வந்தால் பல கடைகளில் முதலில் கேட்பது ‘கியர் பாக்ஸைத் திறக்கணும்’ என்ற பேச்சுத்தான். திறக்க வேண்டாம். மூன்றும் சேர்ந்து வருவதே துப்பு: இந்த ரக வண்டிகளில் மீட்டர், எஞ்சின் கணினி, கியர் கணினி மூன்றும் கியர் பெட்டியில் உள்ள ஒரே வேக சென்சாரின் துடிப்பைப் படிக்கின்றன.

வேகம் தெரியாவிட்டால் எப்போது மாற்றுவது என்று கியர் கணினிக்குத் தெரியாது. உள்ளே கிளட்ச் வழுக்கிக் கருகிவிடக் கூடாதென்று எண்ணெய் அழுத்தத்தை உச்சத்தில் வைக்கும். பல பெட்டிகளில் 3-வது கியரிலேயே நின்றுவிடும். அந்த உதை பழுதல்ல, தற்காப்பு. ஆனாலும் அப்படியே நாள்கணக்கில் ஓட்டக்கூடாது. 3-ல் கிளம்பும்போது டார்க் கன்வர்ட்டர் வழுக்கி, கியர் எண்ணெய் கொதிக்கும்.

ஸ்கேனரில் வேக சென்சார் பழுதைக் குறிக்கும் P0500 குறியீடு வந்தது. ஸ்பீடோமீட்டர் சரியாக ஓடி P0720 மட்டும் வந்தால் அது கியர் பெட்டியின் இன்னொரு சென்சார். ஏபிஎஸ் விளக்கும் கூடவே எரிந்தால் சக்கர சென்சார்களை முதலில் பார்க்கவும். சில வண்டிகள் வேகத்தை அங்கிருந்துதான் எடுக்கின்றன.

சென்சார் வாங்குமுன் மீட்டர் பியூஸைப் பாருங்கள். பிறகு கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கமாக ஊசி செருகி மூன்று வயர்களையும் மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். சாவி ON-ல் ஒன்றில் 12 வோல்ட், ஒன்றில் எர்த், மூன்றாவது சிக்னல். சிக்னல் வயரில் 5 அல்லது 12 வோல்ட்டைக் கணினிதான் அனுப்புகிறது. சென்சார் அதை எர்த்துக்கு இழுத்து இழுத்து விடுவதுதான் துடிப்பு. கனெக்டரைக் கழற்றிய பிறகும் சிக்னல் வயரில் வோல்ட் இல்லையென்றால் குற்றம் வயரிங்கில் அல்லது கணினியில்.

அடுத்தது துடிப்பு. நியூட்ரலில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, கையால் சுற்றுங்கள். ஜப்பானியக் கணக்குப்படி 1 கி.மீ.க்கு மீட்டர் தண்டு 637 சுற்று, ஒரு சுற்றுக்கு 4 துடிப்பு, ஆக ஏறத்தாழ 40 செ.மீ.க்கு ஒன்று. மற்ற சக்கரம் தரையில் நிற்பதால் டிஃபரன்ஷியல் பாதி வேகத்தில்தான் சுழலும். எனவே சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினால் 4 அல்லது 5 முறை மல்டிமீட்டரில் வோல்ட் ஏறி இறங்க வேண்டும். இந்த வண்டியில் 12 வோல்ட்டிலேயே நின்றது.

10 மி.மீ. போல்ட் ஒன்றைக் கழற்றினால் சென்சார் கையோடு வரும். கனெக்டரில் மாட்டியபடியே அதன் பிளாஸ்டிக் பல்சக்கரத்தை விரலால் சுழற்றுங்கள். இப்போது துடித்தால் சென்சார் நல்லது, பல்தான் தேய்ந்திருக்கிறது. மேசையில் வைத்துப் பார்ப்பவர்கள் 12 வோல்ட்டுக்கும் சிக்னல் வயருக்கும் இடையே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும். அது இல்லாமல் நல்ல சென்சாரும் செத்ததாகவே தெரியும். இங்கே பல் முழுசாக இருந்தது, சென்சார்தான் ஊமை.

முதலில் மாட்டிய மலிவு நகல் எட்டாம் மாதம் வரை ஒழுங்காக ஓடியது. பிறகு குளிர்ந்த எஞ்சினில் சரியாக இருக்கும், அரை மணி ஓடிச் சூடானதும் முள் நடுங்கி விழும், கியர் உதைக்கும். நிறுத்திவைத்தால் மறுபடி உயிர் வரும். இப்படிப்பட்டதைக் காலையில் கடைக்குக் கொண்டுபோனால் ‘ஒன்றுமில்லை’ என்பார்கள். கழற்றி ஹேர் டிரையர் சூட்டில் சுழற்றியதும் துடிப்பு நின்றது. கனெக்டருக்குள் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தது: சென்சார் தண்டின் சீல் கசிந்திருக்கிறது. இதை விட்டால் எண்ணெய் வயருக்குள்ளேயே ஊர்ந்து மேலே போகும். கான்டாக்ட் கிளீனரால் துடைத்து, புது ஓ-ரிங்கில் லேசாக ஏடிஎஃப் என்னும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய் தடவி அசல் பாகத்தை மாட்டியபின், இத்தனை நாளில் ஒருமுறையும் முள் விழவில்லை.

விலை நகலைப்போலப் பல மடங்கு. ஆனாலும் இந்த ஒரு பாகத்தில் நகல் வேண்டாம் என்பதே இங்குள்ள முடிவு. உடைசல் கடை அசல் கிடைத்தால்கூடப் பரவாயில்லை, சூடாக்கிச் சோதித்து வாங்கினால் போதும்.

மாட்டியதும் ஸ்கேனரில் பழுதுக் குறியீட்டை அழித்து, கியர் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். கழற்றும்போது கொஞ்சம் சிந்தியிருக்கும். அழிக்காவிட்டாலும், பழுதில்லாத சில பயணங்களுக்குப் பின் விளக்கு தானே அணையும். முள் படுத்திருந்த நாட்களில் ஓடோமீட்டரும் எண்ணவில்லை என்பதால், அந்தத் தூரத்தை உத்தேசமாகச் சேர்த்தே அடுத்த ஆயில் மாற்றத்தைக் குறித்துவையுங்கள்.