ரிங் கவுண்டரா, ஜான்சன் கவுண்டரா? நான்கு ஃபிளிப்-ஃபிளாப்பில் ஒரு கணக்கு

நான்கு D ஃபிளிப்-ஃபிளாப்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, எல்லாவற்றுக்கும் ஒரே கிளாக் கொடுத்தால் அது ஷிஃப்ட் ரிஜிஸ்டர். அதற்கென்று சொந்தமாக ஒரு சுற்று கிடையாது. முதல் ஃபிளிப்-ஃபிளாப்புக்குள் நாம் அனுப்பும் பிட் நான்கு கிளாக் கழித்து Q4-இல் வந்து நிற்கும், அவ்வளவுதான். உள்ளே எதுவும் அனுப்பாமல் 0 என்றே வைத்திருந்தால், நான்கே கிளாக்கில் எல்லாம் 0000 ஆகிவிடும்.

சுற்று எப்போது பிறக்கிறது என்றால், Q4-ஐ இழுத்துவந்து முதல் உள்ளீட்டில் மாட்டும்போது. அப்படியே மாட்டினால் ரிங் கவுண்டர். தலைகீழாக்கி (Q4' எடுத்து) மாட்டினால் முறுக்கிய வளையம், அதாவது ஜான்சன் கவுண்டர். வித்தியாசம் இந்த ஒரு கம்பிதான். ஆனால் சுற்றின் நீளம் 4-இலிருந்து 8-ஆகிவிடுகிறது:

```
ரிங்:     1000 0100 0010 0001
ஜான்சன்:  0000 1000 1100 1110 1111 0111 0011 0001
```

ரிங்கில் ஒற்றை 1 நான்கு இடங்களுக்கும் போய்வந்தால் சுற்று முடிந்தது, எனவே N. ஜான்சனில் முதலில் 1-கள் இடப்பக்கமிருந்து நிரம்புகின்றன, பிறகு 0-கள் நிரம்புகின்றன, எனவே 2N. எட்டு நிலை வேண்டுமென்றால் ரிங்குக்கு எட்டு ஃபிளிப்-ஃபிளாப், ஜான்சனுக்கு நான்கு, சாதாரண பைனரி கவுண்டருக்கு மூன்றே போதும்.

அப்படியென்றால் பைனரியே எடுக்கலாமே என்று தோன்றும். சிக்கல் நிலைகளைப் பிரித்தெடுப்பதில் இருக்கிறது. பைனரியில் 011-இலிருந்து 100-க்குப் போகும்போது மூன்று பிட்டும் மாறுகின்றன. துளி நேர வித்தியாசத்தில் தவறான வெளியீடு ஒன்று மின்னி மறையும். ஜான்சனில் ஒவ்வொரு கிளாக்குக்கும் ஒரே பிட்தான் மாறும். எந்த நிலையையும் கண்டுபிடிக்க இரண்டு உள்ளீடுள்ள ஒரு AND கேட் போதும்: 1100 என்றால் Q2·Q3', 0000 என்றால் Q1'·Q4'. ரிங்குக்கு அந்த கேட்டும் வேண்டாம், நிலையே வெளியீடு. CD4017 சிப்பில் இருப்பது ஐந்து கட்ட ஜான்சன்தான்; பத்து வெளியீடு அங்கிருந்துதான் வருகிறது.

சரி, நீளத்தைப் பார்த்தாயிற்று. நான்கு பிட்டுக்கு 16 நிலைகள் இருக்கின்றன. ரிங் நான்கையும் ஜான்சன் எட்டையும் எடுத்துக்கொண்டால் மிச்சம் என்ன ஆகும்? எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை உண்மையில் முடிவு செய்வது இந்தக் கேள்விதான் என்பேன்.

ரிங்கில் மிச்சம் ரொம்ப மோசம். 0000 விழுந்தால் அப்படியே உறைந்துவிடும், 1111-உம் அப்படித்தான். 0101, 1010 இரண்டும் தமக்குள் மாறிமாறி வரும். இதற்கு மருந்து எளிது: பின்னூட்டக் கம்பியை எடுத்துவிட்டு, முதல் உள்ளீட்டுக்கு Q1, Q2, Q3-இன் NOR-ஐக் கொடுத்தால், எங்கிருந்து தொடங்கினாலும் அதிகபட்சம் மூன்று கிளாக்கில் ஒற்றை 1-க்கு வந்துவிடும்.

ஜான்சனில் ஏமாற்று வேலை நடக்கிறது. மிச்சமுள்ள எட்டும் சேர்ந்து இன்னொரு முழுச் சுற்று:

```
0100 1010 1101 0110 1011 0101 0010 1001
```

இதன் நீளமும் 8. ஆகவே ரீசெட் கொடுக்காமல் மின்சாரம் போட்டு, கவுண்டர் இதற்குள் மாட்டிக்கொண்டால், எட்டு கிளாக்குக்கு ஒருமுறை எல்லாம் திரும்ப வருகிறதே, சரியாகத்தான் ஓடுகிறது என்று நினைத்துவிடுவோம். ஆஸிலோஸ்கோப்பில் Q1-ஐப் பார்த்தால் குட்டு உடையும். நான்கு கிளாக் மேலே, நான்கு கிளாக் கீழே என்று சதுர அலை வரவேண்டிய இடத்தில் 01101001 என்று துண்டுதுண்டாக வரும். பிரித்தெடுத்த வெளியீடுகளில் LED மாட்டியிருந்தால் இன்னும் சுலபம்: ஒன்றுக்குப் பதில் எப்போதும் மூன்று LED எரியும். 0100-ஐ எடுத்துப் பாருங்கள். Q1'·Q4', Q2·Q3', Q1'·Q2 மூன்றுமே 1.

தொடக்கத்தில் ரீசெட் கொடுப்பது பாதித் தீர்வுதான், நடுவில் இரைச்சலால் ஒரு பிட் புரண்டால் அது உதவாது. மூன்றாவது ஃபிளிப்-ஃபிளாப்புக்கு Q2-ஐ நேரடியாகக் கொடுக்காமல் இப்படிக் கொடுக்க வேண்டும்:

```
D3 = Q2·(Q1 + Q3)
```

இருபுறமும் 0 இருக்க நடுவில் தனியாக நிற்கும் Q2-ஐ இது அடுத்த கட்டத்துக்கு விடாது. நல்ல சுற்றில் Q2 அப்படித் தனித்து நிற்பதே இல்லை என்பதால் அதற்கு ஒரு பாதிப்பும் இல்லை. கெட்ட சுற்றிலோ 0100 வந்ததும் 1000-க்கும், 0101 வந்ததும் 0000-க்கும் தாவிவிடும். அதிகபட்சம் ஐந்து கிளாக்கில் வழிக்கு வந்துவிடும்.

ஏழால் வகுக்க வேண்டுமா? ஜான்சனின் முதல் உள்ளீட்டுக்கு Q3, Q4-இன் NOR-ஐக் கொடுங்கள். 1110-க்கு அடுத்து 1111 வராமல் நேரே 0111 வரும், நீளம் 2N−1. இதில் தனி மருந்தே தேவையில்லை, நான்கு பிட்டில் மிச்சமுள்ள ஒன்பது நிலைகளும் தாமாகவே சுற்றுக்குள் வந்து சேர்கின்றன.