நிறுத்து என்றால் எது நிற்கிறது: அவசரத் திருத்தத்துக்கு பிளே ஸ்டோரா, ஆப் ஸ்டோரா முதலில்?

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை எங்கள் சர்வர் பக்கத்தில் ஒரு சின்ன மாற்றம் போனது. தள்ளுபடி இல்லாத பில்லுக்கு இதுவரை 0 வந்துகொண்டிருந்த இடத்தில் `null` வரத் தொடங்கியது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டு ஆப்புகளும் அதை எதிர்பார்க்கவில்லை. பழைய பில்லைத் திறந்தால் கிராஷ். புதிய வடிவத்திலேயே தரவு சேமித்தாகிவிட்டதால் சர்வரை அன்றைக்கே பின்னுக்குத் திருப்ப முடியவில்லை. ஆகவே ஆப்பைத்தான் திருத்த வேண்டும், இரண்டு ஸ்டோரிலும், சீக்கிரம்.

எங்கள் ஆப் சிறு மொத்த வியாபாரிகளுக்கான பில்லிங் ஆப். ஆண்ட்ராய்டில் ஏறக்குறைய 30,000 பேர், ஐபோனில் 4,000 பேர். இரண்டிலும் திருத்தம் தயார். எந்த ஸ்டோரில் முதலில் விடுவது என்ற கேள்வி அன்று வந்தது. நான் பிளே ஸ்டோரைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் அதையே தேர்ந்தெடுப்பேன், அதனால் இந்த ஒப்பீடு நடுநிலையாக இருக்காது.

பொதுவானதை முதலில் முடித்துவிடலாம். இரண்டு ஸ்டோரிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடும் வசதி உண்டு. முதல் வெளியீட்டுக்குக் கிடையாது, அப்டேட்டுக்கு மட்டும்தான். ஒருமுறை ஃபோனுக்குப் போன பில்டை இரண்டு ஸ்டோரும் திரும்ப வாங்கித் தராது. பழையதற்குத் திரும்ப வேண்டுமென்றால் அதையே கூடுதல் எண் போட்டுப் புதியதாக அனுப்ப வேண்டும்.

ரிவ்யூவில் ஆப் ஸ்டோர் ஜெயிக்கிறது, இதை மறைக்க வேண்டியதில்லை. பத்தில் ஒன்பது ஆப்புகளை 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிடுவதாக ஆப்பிள் சொல்கிறது. அவசரமென்றால் விரைவு ரிவ்யூ கேட்டுத் தனியாக விண்ணப்பிக்கலாம். என்ன பிழை, எந்தத் திரையில், என்ன செய்தால் வருகிறது, வந்தால் பயனர் எதை இழக்கிறார் என்று நான்கு வரி தெளிவாக எழுதினால் போதும். ஒவ்வொரு வாரமும் கேட்டால் மதிப்பு போய்விடும் என்று நினைத்து நான் வருடத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் கேட்பதில்லை. இன்னொன்று: ஸ்டோரில் ஏற்கெனவே இருக்கும் ஆப்பின் பிழைத் திருத்தத்தை, சட்டச் சிக்கல் இல்லாதவரை, வேறு விதிமீறலைக் காட்டித் தாமதப்படுத்துவதில்லை என்று 2020 இல் ஆப்பிள் அறிவித்தது. ரிவ்யூவில் பழைய குறை ஒன்றைப் பிடித்துக்கொண்டால், அதை அடுத்த பதிப்பில் சரிசெய்வதாகப் பதில் எழுதிக் கேட்கலாம்.

பிளே ஸ்டோரில் இப்படி ஒரு அவசரக் கதவு இல்லை. ஏழு நாள் வரை, சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம் என்றுதான் கூகுள் எழுதி வைத்திருக்கிறது. எங்களுக்குச் சில மணி நேரத்தில் வந்ததும் உண்டு, இரண்டு நாள் உட்கார்ந்திருந்ததும் உண்டு. அன்று மூன்று மணி நேரம். அதிர்ஷ்டம்தான்.

அப்படியானால் ஆப் ஸ்டோரில்தானே முதலில் விட்டிருக்க வேண்டும்? ரிவ்யூவை மட்டும் பார்த்தால் ஆமாம். ஆனால் அவசரமாகக் கட்டிய பில்டில்தான் தப்பு நுழையும். எனவே நான் பார்த்தது, எது வேகமாகப் போகும் என்பதை அல்ல. தப்பாகப் போய்விட்டால் எதை நிறுத்த முடியும் என்பதை.

ஆப் ஸ்டோரின் படிப்படியான வெளியீட்டுக்கு ஏழு நாள். முதல் நாள் 1%, பிறகு 2, 5, 10, 20, 50, ஏழாம் நாள் 100. இந்த விகிதத்தை நாம் மாற்ற முடியாது. இடையில் எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம், மொத்தம் 30 நாள் வரை. இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 1%, 2% எல்லாம் தானாக அப்டேட் ஆகும் ஃபோன்களுக்கு மட்டும். ஸ்டோருக்குள் போய் அப்டேட் பொத்தானைத் தொடுகிற யாருக்கும் முதல் நாளே புதிய பில்ட் கிடைக்கும். புதிதாக இறக்குபவருக்கும் அதுதான். `Pause Phased Release` அழுத்திய பிறகும் இப்படித்தான்.

இது எனக்குப் பட்டறிவில் புரிந்தது, அதற்கு முந்தைய வருடம். ஐபோன் பில்ட் ஒன்றில் பிரிண்டர் இணைப்பு கெட்டிருந்தது. இரண்டாம் நாளே நிறுத்தி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் அந்தப் பதிப்பில் இருப்பவர்கள் கூடியிருந்தார்கள். காரணம் எங்கள் சப்போர்ட் ஆள்தான். யார் என்ன குறை சொல்லி அழைத்தாலும், "ஸ்டோர்ல போய் ஒரு தடவை அப்டேட் பண்ணிப் பாருங்க சார்" என்பது அவர் வாயில் தானாக வரும் வசனம். நான் மூடிவிட்டதாக நினைத்த கதவுக்குள் அவர் ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தார்.

பிளே ஸ்டோரில் விகிதம் நம் கையில். 5% என்றால் அந்த ஐந்துக்கு வெளியே இருப்பவர் ஸ்டோரைத் திறந்து எவ்வளவு தேடினாலும் அப்டேட் தெரியாது. `Halt rollout` கொடுத்தால் அதற்குப் பிறகு புதிதாக யாருக்கும் அந்த பில்ட் போகாது, புதிதாக இறக்குபவருக்கு முந்தைய பதிப்பே போகும். ஏற்கெனவே வாங்கியவர்கள் மட்டும் அதிலேயே இருப்பார்கள். 2025 முதல், 100% போய்விட்ட வெளியீட்டையும் இப்படி நிறுத்தலாம். 5% இல் இருக்கும் வெளியீட்டைத் திரையில் நிறுத்தாமல் ஏபிஐ வழியாக நிறுத்தினால் அனுப்ப வேண்டியது இவ்வளவுதான்:

```json
{
  "releases": [{
    "versionCodes": ["412"],
    "userFraction": 0.05,
    "status": "halted"
  }]
}
```

சரி, அன்றைக்கு நடந்தது. ஆண்ட்ராய்டு பில்ட் 412 ஐ இரவு ஒன்பது மணிக்கு 5% க்கு விட்டோம். ஐபோன் பில்ட் விரைவு ரிவ்யூவில் தேறி `Pending Developer Release` நிலையில் காத்திருந்தது. நானே கையால் விடும்படி முன்கூட்டியே அமைத்திருந்தேன். மறுநாள் காலை ஆண்ட்ராய்டு கிராஷ் பட்டியலில் புதிதாக ஒரு வரி:

```
IllegalStateException: A migration from 6 to 8 was required but not found.
```

பில் திரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவசரத்தில் நான் திருத்தத்தைக் கடைசியாக வெளியான கிளையிலிருந்து வெட்டாமல், அடுத்த மாதத்துக்கான கிளையிலிருந்து வெட்டிவிட்டேன். அதில் டேட்டாபேஸ் 7 இலிருந்து 8 க்கு ஏறியிருந்தது. யாரோ சுத்தம் செய்கிறேன் என்று 6 இலிருந்து 7 க்கான பழைய மைக்ரேஷனை அழித்திருந்தார்கள். சோதித்த எங்கள் ஃபோன் எல்லாம் 7 இல் இருந்ததால் எதுவும் தெரியவில்லை. பல மாதமாக அப்டேட் செய்யாமல் 6 இல் இருந்தவர்களுக்கு ஆப் திறக்கவே இல்லை.

மொத்த கிராஷ் விகிதத்தைப் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. பழைய பதிப்பில் பில் திரை கிராஷ் ஏற்கெனவே விகிதத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. 412 ஐ மட்டும் வடிகட்டிப் பார்த்ததால் பிடிபட்டது: அந்த பில்ட் போய்ச் சேர்ந்திருந்த 900 சொச்சம் ஃபோனில் 61 இல் இந்த வரி. உடனே நிறுத்தினேன்.

இதே தப்பு ஐபோனில் முதலில் போயிருந்தால்? 4,000 இல் 1% என்றால் 40 ஃபோன். பதினைந்தில் ஒன்று உடைகிறது என்றால் இரண்டோ மூன்றோ கிராஷ்தான் வரும். அதைப் பார்த்து யாரும் பதற மாட்டோம். சின்ன ஆப்புக்கு அந்த 1% ஒரு சோதனையே அல்ல. லட்சக்கணக்கில் பயனர் உள்ள ஆப்பை நான் கையாண்டதில்லை, அவர்களுக்கு அந்த முதல் நாளே போதுமான எச்சரிக்கையாக இருக்கலாம்.

நிறுத்திய பிறகு முதலில் தோன்றிய யோசனை, பழைய நல்ல பதிப்பை 413 என்று எண் போட்டு அனுப்புவது. நல்லவேளை செய்யவில்லை. மீதி 800 க்கும் மேற்பட்ட ஃபோனில் டேட்டாபேஸ் ஏற்கெனவே 8 ஆகியிருந்தது. பழைய பதிப்புக்கு 7 தான் தெரியும், 8 இலிருந்து 7 க்கு இறங்க வழி இல்லை என்று அதுவும் திறக்கும்போதே விழும். 61 ஐக் காப்பாற்றப் போய் 800 ஐ உடைத்திருப்பேன். டேட்டாபேஸைத் தொட்ட பில்ட் வெளியே போய்விட்டால் முன்னே போவது தவிர வழி இல்லை. அழித்த மைக்ரேஷனைத் திரும்பச் சேர்த்து, 6, 7, 8 மூன்றிலும் இருக்கும் ஃபோன்களில் போட்டுப் பார்த்து, 413 ஐ நேராக 100% விட்டோம். உடைந்த ஃபோன் ஒன்றுகூட விடுபடாமல் போய்ச் சேர வேண்டுமே.

ஆப்புக்குள்ளேயே அப்டேட்டைக் கட்டாயமாக்கும் வசதி பிளே ஸ்டோரில் உண்டு, `inAppUpdatePriority` ஐ 5 என்று வைத்திருந்தோம். பில் திரை கிராஷால் அவதிப்பட்டவர்களுக்கு உதவியது. அந்த 61 பேருக்கு உதவவில்லை. எங்கள் ஆப் திறந்ததும் முதல் வேலையாக டேட்டாபேஸைத் திறக்கும், அப்டேட் சோதனை அதற்கு அப்புறம். இப்போது வரிசையை மாற்றிவிட்டோம்.

ஆப் ஸ்டோரின் ஓட்டைக்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது, நேர்மையாகச் சொல்ல வேண்டும். திருத்தம் நல்ல திருத்தம் என்றால், தவிக்கிற ஆள் தானே போய் உடனே எடுத்துக்கொள்ளலாம். பிளே ஸ்டோரில் 5% க்கு வெளியே இருந்தவர்கள் அந்த இரவு முழுக்க பில் திரை கிராஷோடு இருந்தார்கள், கேட்டாலும் எங்களால் கொடுக்க முடியவில்லை. ஆனாலும் புதன்கிழமை மதியம் வரை ஐபோன் பில்டைப் பிடித்து வைத்திருந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆப் ஸ்டோரில் உண்மையான பிரேக் வெளியிடுவதற்கு முந்தைய அந்தப் பொத்தான் மட்டும்தான். அதைத் தாண்டிவிட்டால் சர்வரிலிருந்து குறிப்பிட்ட வசதியை அணைக்கும் சுவிட்சை ஆப்புக்குள் முன்பே வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த ரிவ்யூதான். ஐபோன் ஆப்பின் நிரல் தனி, அதில் இந்த மைக்ரேஷன் தப்பு இல்லை. ஆனால் அதையும் தவறான கிளையிலிருந்து வெட்டியிருக்கிறேனா என்று பார்க்க அந்த அரைநாள் கிடைத்தது. படிப்படியாக எல்லாம் வேண்டாம் என்று எல்லோருக்கும் ஒரேயடியாக விட்டேன்.

61 பேரில் ஒன்பது பேர் தானியங்கி அப்டேட்டை அணைத்து வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நாங்களே ஃபோன் போட்டோம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு அண்ணாச்சி எடுத்ததுமே, "தம்பி, அழிச்சிட்டுத் திரும்பப் போட்டுறட்டுமா? பக்கத்துக் கடைல அப்படித்தான் சொல்றாங்க" என்றார். சர்வருக்கு இன்னும் ஏறாத பில்கள் அவர் ஃபோனிலேயே இருந்தன. ஆப்பை அழித்தால் அதுவும் சேர்ந்து போயிருக்கும். "வேண்டாம் அண்ணாச்சி, அழிக்காதீங்க, ஸ்டோரைத் திறந்து அப்டேட் மட்டும் தொடுங்க" என்றேன். லைனிலேயே இருந்தார். திறந்ததும் எண்ணிப் பார்த்து, பதினான்கு பில்லும் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் வைத்தார்.